மலர்விழிக்கான நான்கு வாரப் படிப்புத் திட்டம்

அன்புள்ள மலர்விழி,

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இன்னும் நான்கு வாரங்களே இருக்கும் நிலையில், காலை நான்கு மணி முதல் இரவு பன்னிரண்டு வரை நீ போட்டிருந்த அட்டவணையைப் பார்த்தேன். சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பும் ஒருவரால் அதை இரண்டு நாள்கூடக் கடைப்பிடிக்க முடியாது. முடியாமல் போகும் ஒவ்வொரு நாளும் "இன்றைக்கும் முடிக்கவில்லை" என்ற பயம்தான் கூடும். ஆகவே அதை எடுத்து வைத்துவிட்டு, கீழே உள்ளபடி நடக்க முயற்சி செய்.

முதலில் கவலைக்கு ஒரு நேரம். தினமும் மாலை 6.15 முதல் 6.35 வரை, வீட்டின் பின்புறத் திண்ணையில், அதற்கென்றே வைத்திருக்கும் ஒரு 40 பக்க நோட்டுடன் உட்கார். படிக்கும் மேசையிலும் படுக்கையிலும் இதைச் செய்யக்கூடாது. அந்த இடங்களில் கவலைப்படும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் முன்வைத்த முறை இது. கவலையை அடக்கச் சொல்லாமல் ஒத்திவைக்கச் சொல்வதுதான் இதன் சிறப்பு என்பது என் எண்ணம். வகுப்பிலோ படிக்கும்போதோ கவலை வந்தால், ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி, "6.15-க்குப் பார்ப்போம்" என்று விட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர். முதல் வாரம் அது திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அதே வரிக்கு நேரே ஒரு கோடு மட்டும் போடு.

திண்ணையில் உட்கார்ந்ததும் அந்த வரிகளை மூன்றாகப் பிரி. நீ என்னிடம் சொன்னவற்றையே எடுத்துக்கொள்கிறேன். "இயற்பியலில் ஃபெயில் ஆகிவிடுவேனோ" என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும்: தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 70-க்கு 15-உம், செய்முறை, அகமதிப்பீடு சேர்த்து மொத்தம் 35-உம் வேண்டும், அரையாண்டில் நீ எழுத்துத் தேர்வில் மட்டுமே 31 எடுத்திருக்கிறாய். "டெரிவேஷன் நடுவில் மறந்துவிடும்" என்பது செயலாக மாற்றக்கூடியது. எந்த டெரிவேஷன் என்று பெயரைக் குறித்து நாளைய இலக்கில் சேர். "மாமா பெண் எடுத்த மார்க்கை எடுக்காவிட்டால் என்ன சொல்வார்கள்" என்பதற்கு நீ செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பு. 6.35-க்கு அலாரம் அடித்ததும் எழுந்துவிடு. கவலை எதுவும் மீதமில்லாத நாளில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.

அடுத்தது அன்றாட இலக்கு. ஒரு நாளைக்கு மூன்றுதான், அவற்றையும் மணிக்கணக்கில் எழுதாதே. "மின்னியல் இரண்டு மணி நேரம்" என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? வரும் திங்கட்கிழமைக்கு நான் எழுதித் தருகிறேன். காலை 5.00 முதல் 6.30 வரை பெரிய இலக்கு: காஸ் விதியைக் கொண்டு, மின்னூட்டம் பெற்ற முடிவிலா நீளக் கம்பியினால் ஏற்படும் மின்புலத்தைப் புத்தகம் பார்த்து ஒருமுறையும் பார்க்காமல் ஒருமுறையும் படத்துடன் எழுதுவது. மாலை 6.45 முதல் 8.00 வரை சிறிய இலக்கு: அதே பாடத்தின் பின்பயிற்சியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்து. சாப்பிட்ட பிறகு 8.30 முதல் 9.15 வரை திருப்புதல்: உலோகவியலில் நுரை மிதப்பு முறையும் எலிங்கம் வரைபடமும். பத்து மணிக்குத் தூங்கிவிடு. ஏழு மணி நேரத் தூக்கத்தை இந்தத் திட்டத்தில் எதற்காகவும் குறைக்கக்கூடாது.

முடியாமல் போனது மறுநாள் தலையில் ஏறக்கூடாது. அதற்காகவே ஞாயிறு காலை 9 முதல் 12 வரை எதுவும் போடாமல் விட்டிருக்கிறேன். அங்கும் இடமில்லையென்றால் அந்த வாரத்தின் இலக்குகள் பெரிதாகிவிட்டன என்று பொருள், அவற்றைக் குறைத்துக்கொள்வோம். தொடர்ந்து மூன்று நாள், மூன்று இலக்குகளில் குறைந்தது இரண்டு முடிந்தால் திட்டம் சரியாகவே போகிறது.

இயற்பியலில் இந்த மாதத்துக்கு நான் கேட்பது சென்டம் அல்ல. அரையாண்டில் இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்களை வெறுமையாக விட்டிருந்தாய். அந்தப் பகுதியில் வரும் ஐந்து வினாக்களுமே "அல்லது" உள்ளவை. அடுத்த திருப்புதல் தேர்வில் ஐந்திலும் படமும் முதல் இரண்டு படிகளுமாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சில நாட்களாகத் தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை என்றால் நோட்டில் எழுதிக்கொண்டு காத்திருக்காதே. அன்றே என்னிடமோ அம்மாவிடமோ சொல். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இந்தத் தாளை அம்மாவிடம் காட்டி, 6.15-க்கு யாரும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் இலக்குத் தாளுடன் ஆய்வகத்துக்கு வா. கவலை நோட்டை நான் பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வகுப்பாசிரியை