வளவுச் சுவர்: அப்பத்தாவின் போனுக்கு ஒரு வால்பேப்பர் பிராம்ப்ட்

நிமிர்ந்த வாக்கில் ஒரு போன் வால்பேப்பர் உருவாக்கு. அளவு 1440 × 3200 பிக்சல், அதாவது 9:20. கேமராவில் எடுத்த புகைப்படமாகவே தெரிய வேண்டும். ஓவியச் சாயலோ கார்ட்டூன் சாயலோ வேண்டாம். லாக் ஸ்கிரீன், ஹோம் ஸ்கிரீன் இரண்டுக்கும் இந்த ஒரே படம்தான்.

இது என் அப்பத்தாவின் போனுக்கு. வயது 81. கானாடுகாத்தான் வீட்டைப் பூட்டிவிட்டு இப்போது சென்னையில் எங்களோடு இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. ஆனாலும் வெளிர் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வந்தால் அவருக்குப் பிடிபடுவதில்லை. இப்போது போனில் இருப்பது பூக்கள் நிறைந்த படம். மணி பார்க்க வேண்டுமென்றால் போனை யாரிடமாவது நீட்டுகிறார். அவரே மணி பார்க்க வேண்டும், பார்க்கும்போது தன் வீடு தெரிய வேண்டும். இந்தப் படத்தின் வேலை இவ்வளவுதான்.

காட்சி: செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில், முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தின் உள்சுவர். கேமரா முற்றத்துக்கு அந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், சுவரை நேருக்கு நேர் பார்க்கிறது. காலை வெயில் முற்றத்தில் விழுகிறது; சுவரில் நேராகப் படவில்லை. முற்றமும் தூணும் ஃபிரேமுக்கு வெளியே. உள்ளே இருப்பது சுவர், தரை, கொட்டான் என்கிற ஓலைக்கூடை ஒன்று. வேறு எதுவும் வேண்டாம்.

நிற மாற்றத்தை வானத்திலோ மூடுபனியிலோ தேடாதே. அந்தச் சுவரிலேயே அது இருக்கிறது. தாழ்வாரத்தின் ஓட்டுக்கூரை மேலிருந்து வரும் வெளிச்சத்தை மறைப்பதால் சுவரின் மேல்பகுதி இருண்டு கிடக்கும். முற்றத்துத் தரையில் பட்ட வெயில் எகிறி வந்து சுவரின் கீழ்ப்பாதியை வெளுப்பாக்கும். தரை சிவப்பாக இருப்பதால் சுவரின் அடியில் மெல்லிய செம்மை ஏறும். மேலிருந்து கீழாக வரும் இந்த மாற்றத்தில் எங்கும் கோடு விழக்கூடாது. மேல் விளிம்பில் `#2E2A28`, உயரத்தில் 30 சதவீதம் இறங்கும்போது `#6B5A4E`, 55 சதவீதத்தில் `#D9C7A8`. சுவரின் அடியில் அந்தக் கடைசி நிறத்தோடு ஒரு துளி செங்கல் நிறம்.

சுவர்ப் பூச்சு இந்தப் படத்தின் உயிர். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி தட்டையாக வந்தால் அப்பத்தாவுக்கு உடனே தெரிந்துவிடும். பளபளப்பு கண்ணாடி அளவுக்குப் போகக்கூடாது. தரையின் சிவப்பு சுவரின் அடியில் மங்கலாகப் பிரதிபலித்தால் போதும். கரணை ஓடிய தடம் ஓரிரண்டு, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியலாம். காரை பெயர்ந்த இடமோ கறையோ விரிசலோ கூடாது. செட்டிநாடு என்றாலே பாழடைந்த மாளிகையைக் காட்டும் பழக்கம் இருக்கிறது. இது பாழடைந்த வீடு இல்லை, வருஷா வருஷம் பொங்கலுக்குத் திறந்து கூட்டிக் கழுவும் வீடு.

கடிகாரம் உட்காரும் இடம் உச்சியிலிருந்து 8 முதல் 30 சதவீதம் வரை, அதாவது 256-ஆம் பிக்சலிலிருந்து 960-ஆம் பிக்சல் வரை. மணியும் தேதியும் பெரிய வெள்ளை எழுத்தில் வரும். அந்தப் பட்டையில் வெறும் சுவர் மட்டுமே. எந்தப் புள்ளியிலும் வெள்ளை எழுத்துக்கும் சுவருக்குமான ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் கீழே போகக்கூடாது. விட்டம், ஆணி, மாட்டிய படம், பல்லி, ஜன்னல் நிழல் என்று எதுவும் அங்கே எட்டிப் பார்க்கக்கூடாது. அதற்கும் மேலே உள்ள விளிம்பில் முன் கேமராவின் ஓட்டையும் பேட்டரி அடையாளமும் வரும். அதுவும் இருட்டாகவே இருக்கட்டும்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த இருண்ட பகுதியில் சிவப்பு மதிப்பு 46-லிருந்து 107-க்குத்தான் ஏறுகிறது. 61 படிகளை 960 பிக்சலில் பரப்பினால் ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட 16 பிக்சல் அகலம். அப்படியே விட்டால் ஸ்கிரீனில் பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் படம் முழுக்க மிக மெல்லிய மணித்தன்மை வேண்டும், பழைய ஃபிலிமில் இருக்குமே அந்த அளவு. சுண்ணாம்புப் பூச்சுக்கும் அது பொருந்தும்.

30 முதல் 54 சதவீதம் வரை வெறும் சுவர். அங்கே எதையாவது வைக்கத் தோன்றும், வைக்காதே.

சுவரும் தரையும் சேரும் கோடு 66 சதவீதத்தில், மட்டமாக. கோட்டின் மேல், வலது ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரே ஒரு பனையோலைக் கொட்டான். அதன் உயரம் 56-லிருந்து 68 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். அகலம் படத்தின் கால்பங்குக்கு மேல் போகக்கூடாது. வாய் வட்டம், அடி சதுரம். ஓலை இயல்பான நிறம், இடையிடையே சாயம் ஏற்றிய ஓலை: கருஞ்சிவப்பும் பச்சையும், இரண்டுமே வெளுத்துப்போன நிலையில். வாய் விளிம்பில் ஓர் ஓலை நுனி மடிப்பிலிருந்து லேசாகப் பிரிந்து நிற்கட்டும். அப்பத்தா முடைந்த கொட்டான்களில் ஏதாவது ஒரு நுனி அப்படித்தான் நிற்கும். உள்ளே பழம், பூ, வெற்றிலை எதுவும் வேண்டாம். ஃபோகஸ் இதில்தான், படத்திலேயே கூர்மையான இடம் இதுவாக இருக்கட்டும். நிழல் மென்மையாக, சுவர்ப் பக்கம் மட்டும்.

தரை ஆத்தங்குடிக் கல். சுவரை ஒட்டி ஒரு வரிசை மட்டும் பூவேலைக் கல், 66-லிருந்து 71 சதவீதம் வரை. சிவப்பு, காவி மஞ்சள், கறுப்பு மூன்று நிறம் போதும். கண்ணாடித் தட்டின்மேல் கையால் சாயம் ஊற்றி வார்க்கும் கல் என்பதால் பூவின் கோடு கல்லுக்குக் கல் இம்மி மாறும். ஒரே அச்சில் அடித்தமாதிரி வரக்கூடாது. அதற்குக் கீழே வெறும் சிவப்புக் கல், `#7A2E22`-இல் தொடங்கி அடி விளிம்பில் `#4A1D18` வரை இருண்டு போக வேண்டும். ஆத்தங்குடித் தரை என்றதும் முழுக்கப் பூவேலை போட்டுவிடாதே. 74 சதவீதத்துக்குக் கீழேதான் ஐகான்கள் வருகின்றன: போன், வாட்ஸ்அப், யூடியூப், கேமரா, ஒவ்வொன்றும் பெரிய அளவில், அடியில் வெள்ளை எழுத்தில் பெயரோடு. பூவேலைமேல் அவை விழுந்தால் எது ஐகான், எது கல் என்று தெரியாது. கல் இணைப்புக் கோடுகள் இருப்பதே தெரியாத அளவுக்கு மங்கலாகட்டும்.

மனிதர், தெய்வப் படம், எழுத்து, கையெழுத்து, வாட்டர்மார்க், ஒளிக்கற்றை, தூசி மினுக்கம், ஊதா நிறச் சாயல் எதுவும் கூடாது. படத்துக்குள் கடிகாரமோ ஐகானோ வரைந்துவிடக்கூடாது. அவற்றைப் போன் போட்டுக்கொள்ளும். நான்கு ஓரத்திலும் 5 சதவீதம் வெட்டுப்பட்டாலும் கொட்டான் முழுசாக நிற்க வேண்டும், ஏனென்றால் போனைச் சாய்க்கும்போது பின்னணி கொஞ்சம் நகரும்.

இதே ஃபிரேமில் மூன்று படம் வேண்டும். முதலாவது மேலே சொன்ன காலை. இரண்டாவது மழை நாள்: வெளிச்சம் குறைவு, சுவர் சற்று நீலம் கலந்த சாம்பல், தரையில் ஈரமில்லாத மங்கல் சிவப்பு. மூன்றாவது விளக்கு வைக்கும் நேரம்: இடது பக்கத்திலிருந்து, ஃபிரேமுக்கு வெளியே இருக்கும் குத்துவிளக்கின் மஞ்சள் வெளிச்சம், 45 சதவீதத்துக்கு மேலே ஏறாமல். மூன்றிலும் கொட்டானும் கோடும் ஒரே இடத்தில். பிஎன்ஜி கோப்பாக, அளவைக் குறைக்காமல்.