மொய் நோட்டின் மிச்சப் பக்கங்கள்

ஜூன் 6, ஒகேனக்கல், இரவு

கலை,

மொய் எழுதியது போக நோட்டில் இருபது பக்கம் மிச்சம். அதைத்தான் தூக்கி வந்திருக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. நேரில் பேச வராததை எழுதிக்கொள்ளலாம் என்றாயே, சரி, முதல் புகார் என்னுடையது. பென்னாகரம் தாண்டி பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தாய். கல்யாண வளையல் எல்லாம் கம்பியில் மோதிக் கிலுகிலுத்தது. என் கை பக்கத்தில் சும்மாதான் இருந்தது.

மாதேஷ்


ஜூன் 7, மத்தியானம்

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் பெயர் போடாமலே ஆரம்பிக்கிறேன்.

"சின்ன வயசிலிருந்து வந்த இடம்" என்று கரையில் சொன்னவர் நீங்கள். நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியதும் "ஐயோ அம்மாடி" என்று கத்தியவரும் நீங்கள். அவர் என்னிடம் கன்னடத்தில் என்ன சொன்னார் என்று மூன்று தடவை கேட்டீர்கள். தேன்கனிக்கோட்டைக்காரி என்பதால் எனக்குப் புரிந்தது. சொல்ல மாட்டேன். ஹொகே என்றால் புகை, அதனால்தான் இது புகையும் கல் என்று அருவியைக் காட்டி விளக்கினாரே, அதை மட்டும் சொன்னேன்.

அப்புறம் மீன். மார்க்கெட்டில் கட்லா வாங்கி, அடுப்பு வைத்திருந்த அக்காவிடம் கொடுத்தோம். அவரிடம் மசாலாவைப் பற்றிப் பேசிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே, முள் எடுத்த துண்டுகளை என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு முள் தப்பிவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கிச் சமாளித்தேன், அப்போது சொல்லவில்லை.


ஜூன் 7, ராத்திரி

கலை,

சொல்லியிருக்கலாம். இனிமேல் சொல்.

எண்ணெய் மசாஜில் அந்த அண்ணன் என் முதுகில் அடித்த அடிக்கு நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்ததைக் கவனித்தேன். உடனே தண்டனையும் கிடைத்தது. உன் பையில் இருந்த செந்தூரா மாம்பழத்தைக் குரங்கு பிடுங்கியதும் "மாதேஷ்!" என்று கத்தினாயே. கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏங்க" என்று மெதுவாகத் திருத்தினாய். முதலில் வந்ததே நன்றாக இருந்தது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் வேண்டுமானால் ஏங்க.

மாதேஷ்


ஜூன் 8, கிருஷ்ணகிரி அணை

மாதேஷ்,

எழுதிப் பார்த்தேன், எழுத சுலபமாக இருக்கிறது. சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

பூங்காவில் நீங்கள் சுண்டல் வாங்கப் போனபோது இதை எழுதுகிறேன். இன்றைக்கு பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவில்லை, கவனித்தீர்களா? தர்மபுரி வரைக்கும் தூங்குகிற மாதிரி நடித்தீர்கள். கை வியர்த்துவிட்டது, இருந்தும் எடுக்கவில்லை.

நோட்டு வீட்டுக்குப் போனால் அத்தை கணக்குப் பார்ப்பார். அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்:

ஒகேனக்கல் குரங்கு: வாங்கியது செந்தூரா 1. திருப்பிச் செய்ய வேண்டியது, அதன் வீட்டு விசேஷத்தில்.