52 விநாடி

முன்னோட்டத்தை அனுப்பி முக்கால் மணி நேரத்தில் மணப்பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது.

“படம் ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஆனா அவர் எங்கம்மாகிட்டப் பேசினது வரலையே?”

“எந்த இடத்துலக்கா?”

“மேடைலதான். எல்லாம் முடிஞ்சதும்.”

தேடிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி கதிர் போனை வைத்தான். மூன்று கேமராக்களில் மொத்தம் 9 மணி 40 நிமிடக் காட்சி இருந்தது. முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டுக் குறிப்பெடுக்கவே இரண்டு நாள் போகும். அதனால் இந்தக் கல்யாணத்தைத் தானாக வெட்டும் மென்பொருளிடம் கொடுத்திருந்தான். அது முதலில் ஒலியை வைத்து மூன்று கேமராக்களையும் ஒத்திசைத்தது. பிறகு 2 விநாடிக்கு மேல் நீளும் அமைதிகளை நீக்கியது. மிச்சமிருந்த துண்டுகளுக்கு முகம், சிரிப்பு, கூர்மை, அசைவு என்று மதிப்பெண் போட்டு, உயர்ந்தவற்றைப் பாட்டின் தாளத்தில் கோத்து 22 நிமிடப் படமாக்கிக் கொடுத்தது. கதிர் அந்த 22 நிமிடத்தை இரண்டு தடவை பார்த்து, நிறத்தைச் சரிசெய்து அனுப்பிவிட்டான். அது எதையெல்லாம் ஒதுக்கியது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

பேச்சைத் தானாக எழுத்தாக்கிய கோப்பில் தேடினான். மாப்பிள்ளையின் குரல் நான்கு இடத்தில் இருந்தது. நான்கும் நண்பர்களிடம் பேசியவை. ‘அத்தை’ என்ற சொல் எங்குமே இல்லை. திரும்பக் கூப்பிட்டான்.

“எல்லா ஆடியோலயும் பார்த்துட்டேன்க்கா. அவர் பேசின மாதிரி குரலே இல்லை. ஒருவேளை மைக் எட்டலையோ என்னவோ.”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

“குரல்ல பேசலை தம்பி. எங்கம்மாவுக்குக் காது கேக்காது. அவர் சைகை மொழில பேசினார். எட்டு மாசமா என்கிட்டக் கத்துக்கிட்டார்.”

கதிருக்குக் கை சில்லிட்டது.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்வி அக்கா, ஸ்டூடியோவின் மூத்த எடிட்டர், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. “அது எந்த ட்ராக்கைக் கேட்டு வெட்டுச்சுன்னு பாரு முதல்ல” என்றாள்.

பார்த்தான். கேமராக்களின் சொந்த மைக் ஒலியை அது ஒத்திசைவுக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தது. அமைதி எது, ஒலி எது என்று முடிவு செய்ததெல்லாம் மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவான கோப்பை வைத்து. மேடை மைக்கின் முன்னால் யாரும் பேசாத நேரத்தில் அந்தக் கோப்பில் கோடு படுத்துவிடும். மண்டபத்தில் முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாலும், ஆளே இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

“அப்ப அமைதியை மட்டும் எடுத்துப் பட்டியல் போடு.”

```
ffmpeg -i mixer.wav -af silencedetect=noise=-35dB:d=2 -f null -
```

திரையில் வரிகள் ஓடின. பெரும்பாலானவை 3, 4 விநாடி. ஒன்றில் மட்டும் கண் நின்றது.

```
silence_start: 6138.2
silence_end: 6190.6 | silence_duration: 52.4
```

6138 விநாடி என்றால் 1 மணி 42 நிமிடம் 18 விநாடி. முதல் கேமராவை அந்த இடத்துக்குக் கொண்டுபோனான்.

மேடைக்கு எதிரே முக்காலியில் நின்ற அகலக் காட்சி அது. மாப்பிள்ளை திரும்பி, ஓரத்தில் நின்ற அந்த அம்மாவின் முன்னால் போய் நிற்கிறார். கைகளை உயர்த்துகிறார். அப்படியே இறக்கி, வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி உயர்த்துகிறார். வியர்த்திருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலும் அது தெரிந்தது.

இரண்டாம் கேமராக்காரர் அந்த நேரத்தில் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருந்தார். மூன்றாவது, நீள லென்ஸ். அதில் 38 விநாடிக் கிளிப் ஒன்று இருந்தது. மென்பொருள் அதை ‘ஒத்திசைக்க முடியவில்லை’ என்று தனி உறையில் தள்ளியிருந்தது. காரணம் எளிது. அமைதி தொடங்கிய பிறகு ஆரம்பித்து அமைதி கலையும் முன்பே முடிந்த கிளிப் அது. அலைவடிவத்தை அலைவடிவத்தோடு பொருத்த ஒரு கைதட்டலோ இருமலோகூட அதில் இல்லை.

“ஃபிளாஷ் அடிச்சிருப்பாங்க, தேடு” என்றாள் அக்கா.

ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினான். புகைப்படக்காரரின் ஃபிளாஷ் முதல் கேமராவில் ஒரு ஃப்ரேமின் மேல்பாதியை மட்டும் வெளுத்திருந்தது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் அப்படி விழும். மூன்றாவதில் அதே பளிச்சல் கீழ்ப்பாதியில். இரண்டையும் நேருக்கு நேர் வைத்ததும் இரண்டு காட்சியிலும் கைகள் ஒன்றாக இறங்கின.

மூன்றாம் கேமராவில் அம்மாவின் முகம் நெருக்கமாக இருந்தது. சிரிப்பு இல்லை. குனிந்து, மருமகனின் கையையே பார்க்கிறார். முன்னால் மங்கலாக ஒரு தோள். சிரிப்புக்கும் கூர்மைக்கும் மதிப்பெண் போடும் எந்தக் கணக்கிலும் இது அடிமட்டத்துக்குத்தான் போகும். 29-வது விநாடியில் அவர் சட்டென்று கையை நீட்டி, மாப்பிள்ளையின் விரல் ஒன்றைப் பிடித்து, மெல்ல மடக்கிவிட்டார். மாப்பிள்ளை தலையாட்டி, அதே சைகையை மறுபடி செய்தார். அதன் பிறகுதான் அந்த முகம் மலர்ந்தது.

செல்வி அக்கா ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தினாள். “படமே இதுதான்டா” என்றாள்.

அன்றிரவே கதிர் அதைக் கோத்தான். காட்சிகள் 4K, டைம்லைன் 1080. ஆகவே அகலக் காட்சியை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் தெளிவு கெடாது. 170-இல் இருவரும் இடுப்புக்கு மேல் அழகாக அடங்கினார்கள். மாப்பிள்ளையின் கையில் தொடங்கி, நடுவில் அம்மாவின் முகத்துக்குப் போய், திரும்பக் கைக்கு வந்தான். உணர்ச்சி கூடட்டும் என்று பாதி வேகமாக்கினான். அடியில் வயலின்.

மறுநாள் மணப்பெண் ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்தாள். பார்த்து முடித்து உடனே எதுவும் சொல்லவில்லை.

“தம்பி, இங்க முகத்துக்குப் போறீங்கள்ல? அப்ப அவர் வாக்கியத்துக்கு நடுவுல இருக்கார். பேசிட்டிருக்கிறவர் வாயைப் பொத்தின மாதிரி இருக்கு. அப்புறம் இந்த மெதுவாப் போறது... சைகைக்கு வேகம் ரொம்ப முக்கியம். அவருக்கு நாக்குக் குழறுதோன்னு தோணுது.”

கதிருக்கு அது உறைத்தது. காட்சியை அழகாக்குகிறேன் என்று அவர் பேச்சைத் துண்டாக்கியிருக்கிறான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கை, முகம் இரண்டும் சேர்ந்துதான் மொழி. புருவத்தை உயர்த்துவதில்கூடக் கேள்வி இருக்கும் என்று காட்டிக்கொடுத்தாள். அவன் மெதுவோட்டத்தை எடுத்துவிட்டான். ஒரு வாக்கியம் முடிந்து கைகள் இறங்கும் இடத்தில் மட்டுமே வெட்டு வைத்தான். கிளிப்பில் அப்படி மூன்றே இடங்கள்தான் இருந்தன. விரலை மடக்கிவிடும் இடத்தில் மட்டும் நெருக்கக் காட்சியை வைத்தான். வயலினையும் நீக்கி, முதல் கேமராவின் சொந்த மைக் ஒலியைப் போட்டான். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் மின்விசிறியின் முனகல் அடங்கியது. கூட்டத்தின் மூச்சும் துணி உரசலும் சன்னமாகக் கேட்டன.

வசனத்தை அவள் சொல்லச் சொல்லத் தட்டினான்.

‘உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். வீட்டில் பேசத் துணை இல்லையேன்னு நினைக்காதீங்க.’

‘இனிமே உங்ககூடப் பேச ரெண்டு பேர்.’

“இந்த ‘பேச’தான் தப்பாப் போட்டார், விரலை நீட்டிட்டார்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

விரல் மடங்கி மாப்பிள்ளை திருத்திச் சொன்னதும், மூன்றாம் கேமரா நின்றுவிடுகிறது. அகலக் காட்சிக்குப் போக வேண்டும். அங்கே புகைப்படக்காரர் குறுக்கே வந்து நிற்கிறார். சரியாக 6 விநாடி, 150 ஃப்ரேம், திரை முழுக்க அவர் முதுகு. அவர் விலகும்போது மாப்பிள்ளையின் கைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அம்மா அவர் தலையில் கை வைத்திருக்கிறார்.

“இங்க என்ன சொன்னார்க்கா?”

“தெரியலை. நான் அவர் பின்னாலதான நின்னேன். கேட்டா, அத்தையையே கேளுங்கிறார்.”

மூன்று நாள் கழித்து அந்த அம்மாவும் வந்தார். அதற்குள் கதிர் கைப்பேசிக்கான நெட்டுக்குத்து வடிவத்தையும் திருத்தியிருந்தான். அகலக் காட்சியை 9:16-க்கு வெட்டினால் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தானியங்கிச் சட்டகம் முகத்தைப் பின்தொடர்ந்து, முழங்கைக்கு அப்பால் எல்லாவற்றையும் வெளியே தள்ளியிருந்தது. அதை அணைத்து, மேலும் கீழும் கருப்பு விட்டு, இரண்டு கைகளும் உள்ளே வருமாறு முழு அகலத்தையும் வைத்தான். காட்சி சிறிதானாலும் பேச்சு முழுசாக இருந்தது.

அம்மா பெரிய திரையின் முன்னால் உட்கார்ந்தார். கதிர் பழக்கத்தில் ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டப் போய், கையை எடுத்துக்கொண்டான். படம் ஓடியது. ஆட்டமும் கைதட்டலும் வந்த இடங்களை அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். விரலை மடக்கிவிடும்போது அவர் விரலும் மடியில் தானாக மடங்கியது.

புகைப்படக்காரரின் முதுகு வந்தபோது கதிர் நிறுத்தினான்.

“அம்மாகிட்டக் கேளுங்கக்கா. இந்த 6 விநாடிக்கு என்ன வசனம் போடட்டும்? இங்க அவர் என்ன சொன்னார்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

மகள் கையால் கேட்டாள். அம்மா திரையைப் பார்த்தார், கதிரைப் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ சொன்னார். சின்னதாக, இரண்டே அசைவு.

“அது எனக்குச் சொன்னது, அங்க எதுவும் போட வேண்டாங்கிறாங்க.”

கதிர் தலையாட்டினான். வசன ட்ராக்கில் அந்த 150 ஃப்ரேமுக்காக விட்டுவைத்திருந்த காலிப் பெட்டியைத் தேர்ந்து, டெலீட் அழுத்தினான். அந்த இடத்தைச் சுருக்கவில்லை. முதுகு அப்படியே 6 விநாடியும் நிற்கட்டும் என்று விட்டு, ஏற்றுமதிக்குப் போட்டான்.