கையுவான் கோயிலுக்கு வரும் தமிழன்பர்களுக்கு

வணக்கம். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், சுவான்சௌ நகரின் மேற்குத் தெருவில் இருக்கும் கையுவான் கோயிலுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம். கி.பி. 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில் இது. இன்றும் துறவிகள் வாழ்ந்து வழிபடும் இடம். தமிழர்களுக்கு இங்கே பலதும் நம் ஊர்க் கோயில் போலவே தோன்றும். ஆனால் சில இடங்களில் நமக்குப் பழகிய கையும் காலும் நேர்மாறாகப் போக வேண்டியிருக்கும். அந்த இடங்களை முன்கூட்டியே சொல்லிவைக்கவே இந்தச் சிறு வழிகாட்டி.

முதலில் ஊர்ப் பெயர். குவாங்சௌ வேறு, சுவான்சௌ வேறு. பெயர் ஒலியில் ஏமாந்து குவாங்சௌவுக்கு டிக்கெட் எடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிற பிழை. டாக்சி ஓட்டுநரிடம் கைபேசித் திரையில் 泉州 开元寺 என்று காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை.

எப்போது வரலாம்

காலை நேரமே நல்லது. வெயில் ஏறுமுன் ஆலமர நிழல் விழும் முன்முற்றம் அமைதியாக இருக்கும். சீனச் சந்திர நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் 26ஆம் நாள் இங்கே பெருந்திரளான பக்தர்கள் கூடுவார்கள். முதல் நாளும் 15ஆம் நாளும்கூடக் கூட்டம் உண்டு. வழிபாட்டைப் பார்க்க விரும்பினால் அந்த நாள்களில் வாருங்கள். தூண்களையும் சிற்பங்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

உடை

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். தனியாக எந்த உடையும் கட்டாயமில்லை. புடவை, சுடிதார், பேன்ட் சட்டை, வேட்டி எல்லாம் சரி. வேட்டியை மடித்துக் கட்டியபடி மண்டபத்துக்குள் நுழைய வேண்டாம். வாசலிலேயே இறக்கிவிட்டுக் கொள்ளுங்கள். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றும் வழக்கம் இங்கே இல்லை. கழற்றினால் அவமரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மண்டப வாசலில் எடுத்துவிடுங்கள். கையில்லாத பனியன், அரைக்கால் சட்டை, பெரிய எழுத்தில் கேலி வாசகம் அச்சிட்ட டீ ஷர்ட் ஆகியவற்றை அறையிலேயே விட்டுவருவது நலம். கோடையில் வியர்த்துக் கொட்டும் ஊர் என்பதால் பருத்தியே உகந்தது. ஒரு துப்பட்டா அல்லது மெல்லிய துண்டு பையில் இருந்தால் பல சங்கடங்கள் தீரும்.

தமிழர்கள் அதிகம் தடுமாறும் இடம் செருப்பு. இங்கே காலணியைக் கழற்ற வேண்டாம். சீனக் கோயில்களில் காலணியோடு உள்ளே போவதுதான் வழக்கம்; அதில் அபசாரம் எதுவும் இல்லை. பழக்க தோஷத்தில் வாசலில் கழற்றி வைத்தால் நிலைப்படியைத் தாண்டி வருபவர்கள் தடுக்கி விழுவார்கள். துப்புரவுப் பணியாளர் அதைக் கேட்பாரற்ற பொருள் என்று எடுத்துப்போய்விடவும் கூடும். மனம் கேட்காவிட்டால், சுத்தமான, குதிகால் மூடிய காலணியாக அணிந்து வாருங்கள். வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம்.

நிலைப்படி

மண்டப வாசலில் உயரமான நிலைப்படி இருக்கும். அதை மிதிக்கக் கூடாது. தாண்டித்தான் போக வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுவே என்பதால் விளக்கம் தேவைப்படாது. கவனம் வேண்டியது புடவையில். கொசுவத்தை ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுங்கள். ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலை இழுக்கும்போதுதான் கரை மரத்தில் மாட்டும். நடுவாசலை விட்டுப் பக்கவாசலில் நுழைவதே மரியாதை. இடப்பக்க வாசல் என்றால் இடக்காலையும், வலப்பக்க வாசல் என்றால் வலக்காலையும் முதலில் எடுத்துவையுங்கள். வாசலில் தடுப்பு வைத்திருந்தால் உள்ளே போகாமல் வெளியிலிருந்தே வணங்கலாம், பலன் குறையாது.

ஊதுபத்தி ஏற்றும் முறை

மூன்று பத்தி போதும். கட்டுக் கட்டாக ஏற்றினால் அதிகப் புண்ணியம் என்று யாராவது விற்க வந்தால் புன்னகையோடு மறுத்துவிடுங்கள். கோயிலுக்கு வெளியே வழிமறித்துப் பத்தி நீட்டுபவர்களிடமும், முகத்தைப் பார்த்துப் பலன் சொல்கிறேன் என்று கூப்பிடுபவர்களிடமும் நின்று பேச வேண்டாம். கோயிலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

பத்தி ஏற்றுவது திறந்தவெளியில் உள்ள பெரிய கலயத்தின் அருகே மட்டுமே. மண்டபங்கள் மரத்தால் ஆனவை. ஒரு பொறி போதும். அதே காரணத்தால் கற்பூரம், நெய்விளக்கு, சாம்பிராணி எதையும் கொண்டுவர வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தேங்காய் உடைப்பதும் இல்லை.

மூன்றையும் சேர்த்துப் பிடித்து விளக்கில் பற்றவையுங்கள். சுடர் எழுந்தால் வாயால் ஊதாதீர்கள். கையால் விசிறி அணையுங்கள். பிறகு இரு கைகளாலும் பிடித்து, புத்தர் திசை நோக்கி நெற்றி உயரத்துக்கு உயர்த்தி, மூன்று முறை தலை தாழ்த்துங்கள். அடுத்து, நமக்குத் தலைகீழான பகுதி: பத்தியைச் சாம்பலில் நடுவது இடக்கையால். கொல்வதற்கும் வெட்டுவதற்கும் வலக்கையே பயன்படுகிறது, ஆகவே புத்தருக்குக் கொடுக்க இடக்கையே தூய்மையானது என்பது சீனப் பௌத்தர்களின் விளக்கம். முதல் பத்தி நடுவில், புத்தருக்கு. இரண்டாவது அதன் வலப்பக்கம், தம்மத்துக்கு. மூன்றாவது இடப்பக்கம், சங்கத்துக்கு. நேராக, ஒன்றுக்கொன்று ஓர் அங்குலத்துக்குள் நடுங்கள். சாய்த்து நட்டால் சாம்பல் உடைந்து பக்கத்தில் நிற்பவர் கையில் விழும்.  முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். நைலான், ஷிஃபான் துணியில் பொறி பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓட்டை.

கலயத்தின் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசுவது இங்கே வழக்கமில்லை. திருநீறு என்று நினைத்துக் கை நீட்டாதீர்கள், அது சுடும்.

வணங்குவது

மண்டபத்தில் வட்டமாகவோ சதுரமாகவோ திண்டுகள் போட்டிருக்கும். நடுத்திண்டு தலைமைத் துறவிக்கு உரியது; பக்கத்தில் உள்ளதில் முழங்காலிடுங்கள். கைகூப்பி நின்று, வலக்கையை முதலில் திண்டில் ஊன்றி, பிறகு இடக்கையை வைத்து, நெற்றி பட வணங்கி, உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்புங்கள். மூன்று முறை. முழங்கால் வலி உள்ளவர்கள் நின்றபடி கைகூப்பித் தலை தாழ்த்தினாலே போதும். நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டாம், இடமும் இல்லை. வணங்கிக்கொண்டிருப்பவரின் முன்னால் குறுக்கே போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

வலம்வருவது மட்டும் முழுக்க நம் வழக்கமே: வலத்தோள் புத்தர் பக்கம் இருக்க, கடிகார முள் திசையில்.

அர்ச்சனை, நட்சத்திரம் சொல்வது, தட்டில் தட்சிணை, பிரசாதம் எதுவும் கிடையாது. காணிக்கை போட விரும்பினால் உண்டியல் பெட்டி இருக்கும். பணத்தைத் துறவியின் கையில் திணிக்காதீர்கள். பழமும் பூவும் படைக்கலாம். அசைவமும் மதுவும் கோயிலுக்குள் கூடாது; பூண்டு, வெங்காய வகைகளையும் துறவிகள் தொடுவதில்லை என்பதால் கட்டுச்சோற்றை வெளியிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

துறவிகளிடம்

கைகூப்பி “அமித்துவோஃபோ” என்றாலே வணக்கம் ஆயிற்று. அமிதாப புத்தரின் பெயர் அது. அழைக்க வேண்டுமானால் “ஷிஃபு” என்று சொல்லுங்கள். கைகுலுக்க நீட்ட வேண்டாம். பெண்கள் பிக்குவின் பக்கத்தில் ஒட்டி நின்று படமெடுக்கக் கேட்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் உதவி. முரசு, மணி, மீன் வடிவில் மரத்தில் செய்த தாளக்கருவியான மரமீன் ஆகியவை வழிபாட்டுக் கருவிகள். குழந்தைகளுக்கு அடித்துப் பார்க்க ஆசை வரும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிலையைச் சுட்டுவிரலால் காட்டாமல், உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள்.

மண்டபத்துக்குள் புத்தர் திருவுருவங்களைப் படமெடுக்க வேண்டாம். 禁止拍照 என்ற பலகை அதைத்தான் சொல்கிறது. முற்றத்திலும் கோபுரங்களின் முன்னாலும் தாராளமாக எடுக்கலாம்.

தவறவிடக் கூடாதவை

பெரிய மண்டபத்தை நூறு தூண் மண்டபம் என்பார்கள், உண்மையில் 86தான். உள்ளே ஐந்து புத்தர்கள். அண்ணாந்து பார்த்தால் உத்தரங்களைத் தாங்கும் இடத்தில் சிறகு விரித்த 24 தேவமகளிர், சிலர் கையில் இசைக்கருவிகளோடு.

அங்கிருந்து மண்டபத்தின் பின்புறம் போங்கள். பெரும்பாலானோர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பின்தாழ்வாரத்தில் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன. வட்டங்களுக்குள் செதுக்கிய உருவங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், யானையைக் காக்க வரும் திருமால், உரலை இழுத்து மருதமரங்களைச் சாய்க்கும் கண்ணன், கோபியர் சேலையை எடுத்து மரத்தில் ஏறிய கண்ணன். யுவான் அரசமரபின் காலத்தில் இந்தத் துறைமுகத்துக்கு வந்து தங்கிய தென்னிந்திய வணிகர்கள் எழுப்பிய கோயிலின் கற்கள் இவை; பிற்பாடு மிங் அரசமரபின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இங்கே பொருத்தினார்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் இதே ஊரில் கிடைத்திருக்கிறது. மண்டபத்தின் முன்மேடை அடிவரிசையில் சிங்க உடலும் மனித முகமும் கொண்ட சிற்பங்களும் அதே கைவண்ணம்தான்.

இங்கே ஒரு வேண்டுகோள். நம் தெய்வத்தைக் கண்ட பரவசத்தில் குங்குமம், சந்தனம், எண்ணெய் எதையும் தூணில் தடவாதீர்கள். கல்லின் நுண்துளைகளில் எண்ணெய் இறங்கினால் தூசு அப்பிக் கறுத்துப்போகும், கழுவினாலும் போகாது. கைகூப்பினால் போதும். தடவிப் பார்க்கவும் வேண்டாம்: விரல் வியர்வையே பல ஆண்டுகளில் செதுக்கலின் முனையை மழுக்கிவிடும்.

கடைசியாக இரட்டைக் கல்கோபுரங்கள், எட்டுப்பட்டை, ஐந்து நிலை. மேற்குக் கோபுரம் 1228 முதல் 1237 வரையிலும், கிழக்குக் கோபுரம் 1238 முதல் 1250 வரையிலும் கல்லால் கட்டப்பட்டவை; கிழக்கே நிற்பது சுமார் 48 மீட்டர். மேலே ஏற அனுமதியில்லை. வெளிச்சுவரில் ஒவ்வொரு நிலையிலும் 16 உருவங்கள். மேற்குக் கோபுரத்தின் நான்காம் நிலையில் குரங்குமுக வீரர் ஒருவர் நிற்கிறார். அவர் அனுமனா, சீனர்களின் குரங்கரசனா என்று அறிஞர்களிடையே நெடுநாள் வாதம் உண்டு. தொலைநோக்கியோ, கைபேசி கேமராவின் பெரிதாக்கும் வசதியோ இருந்தால் கீழிருந்தே முகம் தெரியும்.