ஏப்ரல் 2026: மாத வரவுசெலவுத் திட்டம் (டர்பன்)

யாருக்கு: மதுரையிலிருந்து வந்து வெஸ்ட்வில்லில் நால்வர் பங்கிடும் வீட்டில் தங்கியிருக்கும் ஆய்வு மாணவருக்கு. சமையல் தனித்தனி.
வரவு: உதவித்தொகை 9,500 ரேண்ட். மார்ச் 25 அன்று கணக்கில் ஏறும். வேறு வரவு இல்லை.

25-ஆம் தேதி வந்தாலும் இது ஏப்ரல் பணம். மார்ச்சின் கடைசி ஆறு நாளுக்கு மார்ச் கணக்கில் மிஞ்சியதே செல்லும். எல்லாரும் சம்பளம் வாங்கிக் கடையில் நிற்கும் அந்த வாரத்தில் இதைத் தொட்டுவிட்டால், 1-ஆம் தேதி வாடகையிலேயே குறை விழும்.

| இனம் | ரேண்ட் |
|---|---|
| வாடகை (தண்ணீர் உட்பட) | 4,200 |
| மின்சாரப் பங்கு | 350 |
| மளிகை, காய்கறி | 1,900 |
| டாக்சி | 800 |
| மொபைல் டேட்டா | 250 |
| சோப்பு, துணி துவைப்பு | 220 |
| வங்கிக் கட்டணம் | 60 |
| அச்சு, எழுதுபொருள் | 150 |
| கோவில், புத்தாண்டு, வெளிச்சாப்பாடு | 400 |
| மருத்துவத் திட்டச் சேமிப்பு | 600 |
| விசா, ஊர் டிக்கெட் சேமிப்பு | 400 |
| எதிர்பாராதது | 170 |
| மொத்தம் | 9,500 |

வரவு 9,500 − ஒதுக்கீடு 9,500 = 0. கணக்கைக் காலியாக்குவது இதன் பொருள் அல்ல. ஒவ்வொரு ரேண்டுக்கும் முன்கூட்டியே ஒரு வேலை சொல்லியாயிற்று என்பதுதான். சேமிப்பும் ஒரு வேலையே. வேலை சொல்லாமல் விட்ட நூறு ரேண்ட் எங்கே போனது என்று 20-ஆம் தேதி கேட்டால் பதில் கிடைக்காது.

டாக்சி என்றால் பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ். ஏப்ரலில் வாரநாள் 22. புனித வெள்ளி (3), குடும்ப நாள் (6), விடுதலை நாள் (27) கழித்தால் 19. நாளுக்கு இரண்டு பயணம், ஒன்று 19 ரேண்ட்: 38 × 19 = 722. மீதி 78 புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போய்வர. போன மாதத் தொகையை அப்படியே இறக்கக் கூடாது. மே மாதத்துக்கு நாட்களை மறுபடி எண்ண வேண்டும். சில்லறையை வாரம் ஒருமுறை மொத்தமாக எடுத்து வைக்கவும். அடிக்கடி ஏடிஎம் போனால் 60 ரேண்ட் வங்கிக் கட்டணம் போதாது.

மளிகை. முதல் வாரம் மொத்தக் கொள்முதல் 700: அரிசி 10 கிலோ 210, துவரம் பருப்பு 2 கிலோ 110, எண்ணெய் 2 லிட்டர் 80, மசாலா, தேயிலை, சர்க்கரை, உப்பு சேர்த்து 160, பால் 110, மாவு 30. மீதி 1,200 நான்கு சனிக்கிழமைகளுக்கு (4, 11, 18, 25) தலா 300. காய்கறி, முட்டை, கோழி எல்லாம் அதற்குள். வண்டி வைத்திருக்கும் வீட்டுத்தோழர் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனால் சேர்ந்துகொள்வது லாபம். டாக்சி மாறிப் போனால் காய் விலையில் மிச்சமானது கட்டணத்தில் போய்விடும்.

அரிசி, பருப்பு, முட்டை, பால், பழுப்பு ரொட்டி, சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கு மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். வெள்ளை ரொட்டிக்கும் கோழிக்கும் 15 சதவீதம் விலையிலேயே அடங்கியிருக்கும். ஆகவே 300 இடிக்கும் வாரத்தில் முதலில் குறைக்க வேண்டியது கோழி.

மின்சாரம். ப்ரீபெய்ட் மீட்டர், வீட்டுக்கு 1,400, நால்வருக்குத் தலா 350. 1-ஆம் தேதி பாதி, 15-ஆம் தேதி பாதி வாங்கவும். 15-க்கு முன்பே தீர்ந்தால் பெரும்பாலும் கீசர்தான் காரணம்; நாள் முழுக்க விடாமல், குளிப்பதற்கு முன் போட்டுப் பின் அணைக்க நால்வரும் பேசி முடிவெடுக்கவும். ஒருவர் மட்டும் சிக்கனம் பிடித்துப் பயனில்லை.

டேட்டா. 30 நாள் பண்டில் ஒன்று, 1-ஆம் தேதி. தினசரி பண்டில் சின்னத் தொகையாகத் தெரியும்; கூட்டிப் பார்த்தால் 250-ஐத் தாண்டும். வீடியோவும் டவுன்லோடும் பல்கலைக்கழக வைஃபையில்.

400 ரேண்ட் பிரிப்பு: கோவிலுக்கு 100, ஏப்ரல் 14 புத்தாண்டுச் சாப்பாட்டுப் பங்கு 120, ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌ முதலிய வெளிச்சாப்பாட்டுக்கு 180. புனித வெள்ளிக்கு விரதம் இருப்பவருக்கு அந்த வாரம் கோழிச் செலவு இல்லை. மிஞ்சுவதைப் புத்தாண்டுக்கு மாற்றலாம்.

மருத்துவம். படிப்பு விசாவுக்குத் தென்னாப்பிரிக்காவில் பதிவான மருத்துவத் திட்ட உறுப்பினராக இருந்தாக வேண்டும். ஆண்டுச் சந்தா 7,200 ஜனவரியில் ஒரே தவணை. பிப்ரவரி முதல் மாதம் 600 ஒதுக்கி வருவதால் ஏப்ரல் முடிவில் 1,800 இருக்க வேண்டும். அதையும் விசா சேமிப்பையும் அட்டை இணைக்காத தனிக் கணக்கில், பணம் வந்த அன்றே போடவும். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்று விட்டால் மிஞ்சாது.

ஒரு இனம் மீறினால் எடுக்கும் வரிசை: எதிர்பாராதது, வெளிச்சாப்பாடு, எழுதுபொருள், கடைசியாக விசா சேமிப்பு. வாடகை, மின்சாரம், மருத்துவம் மூன்றிலும் கை வைக்கக் கூடாது. மாற்றிய உடனே அட்டவணையில் இரண்டு இடத்திலும் திருத்தி, மொத்தம் 9,500 தானா என்று பார்க்கவும். கூட்டிய இடத்தை மட்டும் திருத்திவிட்டுக் குறைத்த இடத்தை மறப்பதே அதிகம் நடக்கிறது.

ஞாயிறுதோறும் ரசீதுகளோடு பத்து நிமிடம். ஏப்ரல் 25-இல் அடுத்த தொகை வரும்போது புதிய தாள், பூஜ்யத்திலிருந்து. ஏப்ரலில் மிஞ்சியது விசா சேமிப்புக்கு.