நீர்மோர்ப் பந்தல்: தொண்டர்களுக்கான வேளைப் பதிவு அறிவிப்பு

கோரிப்பாளையம் நம் தெருக் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

கள்ளழகர் எதிர்சேவை நாளான ஏப்ரல் 30, வியாழன் மாலை 4 மணி முதல், அழகர் வைகையில் இறங்கும் மே 1, வெள்ளி நண்பகல் 12 மணி வரை, வழக்கம்போல நம் தெருமுனையில் நீர்மோரும் பானகமும் வழங்கவிருக்கிறோம். இடையில் ஒரு மணி நேரம்கூட நிறுத்தாமல் இந்த 20 மணி நேரமும் பந்தல் நடக்க வேண்டுமானால் 60 பேர் தேவை.

சென்ற ஆண்டு யார் எப்போது வருவது என்பதை வாய்ப்பேச்சாகவே விட்டுவிட்டோம். மாலையில் நாற்பது பேர் கூடி நின்றார்கள். நள்ளிரவுக்குப் பிறகு நான்கே பேர் மிஞ்சினார்கள். அந்த நால்வரும் விடியும் வரை உட்காராமல் மோர் ஊற்றியும் டம்ளர் கழுவியும் நின்றதில், அவர்களில் ஒரு அம்மா காலை 5 மணிக்கு மயங்கி விழுந்தார். பட்டியல் போடாதது எங்கள் பிழை. அது மீண்டும் நேரக்கூடாது என்பதற்காகவே இவ்வாண்டு எழுத்துப் பதிவு.

20 மணி நேரத்தையும் நான்கு நான்கு மணி நேரமாக ஐந்து வேளைகளாகப் பிரித்திருக்கிறோம். மாலை 4 முதல் 8 வரை முதல் வேளை. இரவு 8 முதல் 12 வரை இரண்டாவது. நள்ளிரவு 12 முதல் அதிகாலை 4 வரை மூன்றாவது. 4 முதல் காலை 8 வரை நான்காவது. 8 முதல் நண்பகல் 12 வரை ஐந்தாவது. ஒவ்வொரு வேளைக்கும் 12 பேர்: ஊற்றிக் கொடுக்க மூவர், கழுவ நால்வர், மோரும் பானகமும் கலக்க இருவர், வரிசையைக் கவனிக்க இருவர், பொறுப்பாளர் ஒருவர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் டம்ளர்களுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், எவர்சில்வர் டம்ளர்களையே பயன்படுத்துகிறோம். ஆகவே கழுவும் இடத்தில்தான் வேலை அதிகம், அங்கே கைவலிமை உள்ளவர்கள் வர வேண்டும். வரிசையைக் கவனிப்பதையும் சிறிய வேலையாக நினைக்க வேண்டாம். 2022இல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இருவர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. பந்தலின் முன் கூட்டம் தேங்கிச் சாலையை அடைக்காமல் பார்த்துக்கொள்வது அந்த இருவரின் பொறுப்பு.

பதிவு செய்யும் முறை இது. முதலில், வீட்டில் கலந்து பேசி, உங்களால் முழுதாக நிற்கக்கூடிய ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, தெருமுனைப் பலசரக்குக் கடையில் உள்ள குறிப்பேட்டில், அந்த வேளைக்குரிய பக்கத்தில், பெயர், கதவு எண், வயது, விரும்பும் வேலை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு பக்கத்தில் 12 வரிகளே உள்ளன. அவை நிரம்பியிருந்தால் ஓரத்தில் எழுதாமல் வேறு வேளைக்குச் செல்லுங்கள். வெளியூரில் இருந்து திருவிழாவுக்கு வருபவர்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் “வேளை 3, கழுவுதல், கதவு எண் 14, வயது 32” என்பது போல ஒரே வரியில் தம் பெயருடன் அனுப்பினால் போதும், நாங்களே குறிப்பேட்டில் ஏற்றிவிடுவோம். மூன்றாவதாக, உங்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் குறியிட்டிருக்கிறதா, அல்லது குழுவில் “பதிந்தது” என்று பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை இடம் உறுதியாகவில்லை என்றே கொள்ளுங்கள். பதிவு ஏப்ரல் 22, புதன் இரவு 8 மணியுடன் முடிகிறது.

நான்காம் வேளைதான் மிகக் கடினமானது. கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே, அழகரை ஆற்றில் தரிசிக்க எல்லோருக்கும் மனம் துடிக்கும் நேரமும் அதுவே. இதை உணர்ந்து, தர்காவை ஒட்டிய தெருவிலிருந்து ஏழு இளைஞர்கள், “நீங்கள் சாமி பார்க்கப் போங்கள், நாங்கள் நிற்கிறோம்” என்று தாமாகவே வந்து பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். எஞ்சிய ஐந்து இடங்களை நம் தெருவினர் நிரப்ப வேண்டும். சென்ற ஆண்டு விடிய விடிய நின்ற நால்வரை மட்டும் இந்த வேளைக்கு ஏற்க மாட்டோம்.

16 வயதுக்கு உட்பட்டவர்கள் முதல் வேளைக்கும் ஐந்தாம் வேளைக்கும் மட்டும், பெற்றோருடன் வரலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கு உட்கார்ந்தபடி எலுமிச்சை பிழியவும் வெல்லம் தட்டவும் வேலை உண்டு. ஒவ்வொருவரும் தம் வேளைக்கு 15 நிமிடம் முன்னதாக வந்து, முந்தைய வேளையினரிடம் எவ்வளவு மோர் மீதமுள்ளது என்று கேட்டுப் பொறுப்பேற்க வேண்டும். மாற்று ஆள் வந்து நிற்கும் வரை எவரும் இடத்தை விட்டு நகரக்கூடாது.

வர இயலாமல் போனால் ஏப்ரல் 28க்குள் தெரிவியுங்கள். முடிந்தால் பதிலுக்கு ஒருவரின் பெயரையும் சொல்லுங்கள். ஏப்ரல் 26, ஞாயிறு மாலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் இறுதிப் பட்டியலை வாசித்து, ஐந்து பொறுப்பாளர்களையும் அறிமுகப்படுத்துவோம். பதிந்தவர்கள் அனைவரும் அன்று நேரில் வந்து தம் வேளையைக் காதால் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நீர்மோர்ப் பந்தல் ஏற்பாட்டுக் குழுவினர்