ஷீட் 6: வாசிப்புக் கூடத்தின் காட்சி – ஜூரிக்கு ஒரு குறிப்பு

மதிப்பிற்குரிய ஜூரி உறுப்பினர்களுக்கு,

ஷீட் 6ல் இருக்கும் பெரிய படம் இயந்திரம் உருவாக்கியது. மாடலும் கேமரா இடமும் என்னுடையவை. மரத்தின் நிறம், கான்கிரீட்டின் தழும்பு, வெளிச்சத்தின் மென்மை எல்லாம் மென்பொருளுடையவை. இதைப் படத்தின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் வடிவமைப்புக்கு நேர் எதிரான விஷயங்கள் சில இருக்கின்றன. அவற்றை நானே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் கட்டடம். இது மாணவர்களுக்கான நூலகம். தளம் வடக்கு நோக்கி 4.2 மீட்டர் சரிகிறது. இந்தச் சரிவுதான் எனக்கு செக்ஷனைக் கொடுத்தது. புத்தக அடுக்குகள் இருக்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.2 கிலோ நியூட்டன் சுமை எடுத்துக்கொண்டேன். வாசிக்கும் இடத்துக்கு 2.9 போதும். அதாவது புத்தகம், மனிதர்களைவிட இரண்டரை மடங்கு கனம். ஆகவே அடுக்குகளை மேட்டுப் பக்கம், மண்ணிலேயே உட்கார வைத்தேன். வாசிப்புக் கூடம் அதே மட்டத்தில் வெளியே நீண்டு, தூண்களின் மேல் சரிவைத் தாண்டி நிற்கிறது. அதன் கீழே குழுவாகப் பேசிப் படிப்பவர்களுக்கான இடம். சத்தம் கீழே, அமைதி மேலே, கனம் பின்னால்.

கிரிட் 7.2 மீட்டர். ஒரு கட்டத்துக்குள் 1.44 மீட்டர் இடைவெளியில் ஐந்து அடுக்கு வரிசைகள் அடங்கும். இருபுற அடுக்கு 50 செ.மீ. போக, நடைவழி 94 செ.மீ. கிடைக்கிறது. சக்கர நாற்காலி போகும். கிரிட்டை அடுக்குகள் முடிவு செய்தன, வாசிப்புக் கூடம் அதற்கு இணங்கியது. கூடம் 28.8க்கு 14.4 மீட்டர், 132 இருக்கைகள். நடுவே மூன்று தூண்கள் வருகின்றன.

அந்த மூன்று தூண்களை வைத்துத்தான் நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். எடுத்துவிட்டால் கூடம் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் 14.4 மீட்டரைத் தாண்ட 1.2 மீட்டர் ஆழ பீம் தேவைப்படும். கூரை தாழும், அல்லது வடக்குச் சன்னல் வரிசை சிறுக்கும். தூண் இருந்தால் 60 செ.மீ. பீம் போதும். அதனால் தூண்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றி வட்ட மேசையும் விளக்கும் போட்டேன். பெரிய கூடத்தின் நடுவே முதுகைச் சாய்த்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தான் சிலருக்குப் படிப்பு ஓடும். நானும் அந்த ரகம்.

இப்போது படத்தைப் பாருங்கள். தூண் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற இரண்டையும் மென்பொருள் நீக்கிவிட்டது. பீமின் ஆழத்தை மட்டும் 60 செ.மீ. ஆகவே விட்டுவிட்டது. அந்தக் கூரை நிற்காது.

படம் தயாரான விதம் இது: மாடலில் வெள்ளைக் காட்சி ஒன்றும் டெப்த் மேப் ஒன்றும் எடுத்தேன். அவற்றைப் படம் உருவாக்கும் மென்பொருளான ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு, வடிவத்தைப் பிடித்து வைக்கும் கன்ட்ரோல்நெட் வழியாகக் கொடுத்தேன். கேமரா 1.2 மீட்டர் உயரத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில். கொடுத்த வரிகள்:

```
student library reading room, exposed concrete beams,
north clerestory, soft diffuse light, oak desks
negative: people, plants, text, sun patches
seed 41877, denoise 0.45, depth weight 0.9
```

டெப்த் மேப் தூரத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பின்னால் இருக்கும் இரண்டு தூண்களும் சன்னல் சட்டங்களோடு கலந்து தெரிந்ததால் அவை கரைந்துபோயின என்று நினைக்கிறேன். டெப்த் மேப்பின் எடையை இன்னும் ஏற்றினால் தூண்கள் திரும்பி வந்தன. ஆனால் கான்கிரீட் பிளாஸ்டிக் போல ஆனது. எதை இழப்பது என்று பார்த்து, இந்தப் படத்தையே வைத்துக்கொண்டேன். தூண்களைக் கையால் வரைந்து ஒட்டியிருக்கலாம். ஒட்டினால், மீதி எல்லாம் சரி என்று நீங்கள் நம்பிவிடக்கூடும். அதனால் ஒட்டவில்லை.

இன்னொன்று வெளிச்சம். இதைத் தூண்களைவிட முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் இது பார்த்தவுடன் தெரியாது. படத்தில் கூடம் முழுக்க ஒரே சீரான ஒளி. ஷீட் 5ல் உள்ள பகல் வெளிச்சக் கணக்கு வேறு மாதிரி. மேகமூட்டமான காலை 10 மணிக்கு, சன்னல் வரிசைக்குக் கீழே இருக்கும் மேசைகளில் 500 லக்ஸ் கிடைக்கிறது, நடு வரிசையில் 310தான். வாசிக்க 500 வேண்டும் என்பதை இலக்காக வைத்தேன். அந்தக் குறையை நிரப்பத்தான் தூண்களில் விளக்கு. தூணையும் எடுத்து, விளக்கையும் எடுத்து, இருட்டையும் எடுத்துவிட்டது படம். பிரச்சினையே இல்லாத இடத்தில் தீர்வு எதற்கு என்று கேட்பது போல இருக்கிறது.

வலது மூலையில் தரையில் ஒரு வெயில் பட்டை விழுகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் விழுந்தது. படத்துக்கான நேரம் டிசம்பர் 21, காலை 10 மணி. வடக்குச் சன்னலில் அப்போது நேர் வெயில் வர வழியே இல்லை. சில்லறைப் பிழைகளும் உண்டு: புத்தக முதுகுகளில் எந்த மொழியும் இல்லாத எழுத்துகள், பின்னால் கைப்பிடி இல்லாத படி, ஆறு தட்டுக்குப் பதில் ஒன்பது தட்டு. ஒன்பதாவது தட்டை எட்ட ஏணி வேண்டும்.

மொத்தம் 64 படங்கள் எடுத்தேன். அவற்றில் மிக அழகானது இங்கே இல்லை. அதில் கூடத்தின் நடுவே ஒரு சுழல் படி, மேலே இன்னொரு தளம். பார்த்ததும் மனம் தாவியது. அரை மணி நேரம் அந்தப் படிக்குப் பிளானில் இடம் தேடினேன், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தப் படி ஏறிப் போய்ச் சேர ஒரு தளமே என் கட்டடத்தில் இல்லை. விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றை விடவில்லை. ஐந்தாறு படங்களில் வடக்குச் சுவரின் கீழ்ச் சன்னலை மென்பொருள் தாழ்த்தி, அதன் அடியில் உட்காரும் திண்டு போல ஒன்றைக் காட்டியது. என் வரைபடத்தில் சன்னல் அடி 90 செ.மீ. உயரத்தில் இருந்தது, அதற்கு எதிரே மேசை. சரிவைப் பார்த்தபடி உட்கார முடியாத ஒரு சன்னலை நான் போட்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. லூயிஸ் கான் எக்ஸிடர் நூலகத்தில் வாசிக்கும் இருக்கையைச் சன்னலோடு சேர்த்தே கட்டியிருப்பதை முதல் வாரமே படித்து, குறிப்பும் எடுத்திருந்தேன். இருந்தும் என் கட்டடத்தில் அது வரவில்லை. அப்புறம் அடியை 45 செ.மீ.க்கு இறக்கி, உள்ளே 55 செ.மீ. அகலத் திண்டு வைத்தேன். கண்ணாடி தாழ்ந்ததால் வெளிப்புறத்தில் தடுப்புக் கம்பியும் சேர்த்தேன். அது படத்தில் இல்லை, ஷீட் 4ல் இருக்கிறது.

இந்தத் திண்டு என் யோசனையா என்று கேட்டால், அளவும் கம்பியும் என்னுடையவை, தூண்டுதல் என்னுடையது அல்ல. மதிப்பெண்ணில் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் முடிவு.

படத்துக்குப் பக்கத்தில் அதே கோணத்தின் வெள்ளை மாடல் காட்சியை மாட்டியிருக்கிறேன். அதன் மேல் டிரேசிங் தாளில், மென்பொருள் மாற்றிய இடங்கள் சிவப்பில். ஷீட் 4க்குக் கீழே, 90 செ.மீ. சன்னலோடு இருந்த பழைய தாளும் பின் குத்தி இருக்கிறது, தூக்கிப் பார்க்கலாம்.

நான்காம் ஆண்டு, வரிசை எண் 23